விடைத்தாள் மறுமதிப்பீடு கோரும் விண்ணப்பக் கடிதம்

நாள்: 09.06.2025

அனுப்புநர்
க. தேன்மொழி,
பதிவு எண்: 23HT118,
இரண்டாம் ஆண்டு இளங்கலை வரலாறு (தமிழ் வழி),
மாணவியர் விடுதி.

பெறுநர்
தேர்வு நெறியாளர் அவர்கள்,
தேர்வுப் பிரிவு,
கல்லூரி முதன்மைக் கட்டடம்.

வழி: வரலாற்றுத் துறைத் தலைவர் அவர்கள்

பொருள்: நான்காம் பருவத் தேர்வு, ஏப்ரல் 2025 – தமிழ்நாட்டு வரலாறு (கி.பி. 1600–1900) – வினாக்கள் 7, 15 (ஆ), 16 ஆகியவற்றுக்கு மறுமதிப்பீடு கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தேர்வுப் பிரிவு 28.05.2025 அன்று வெளியிட்ட மதிப்பீட்டுத் திட்டம்.
2. 04.06.2025 அன்று எனக்கு வழங்கப்பட்ட விடைத்தாள் நகல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட தாளில் 75-க்கு 46 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். தேர்ச்சி பெற்ற பிறகும் எதற்கு மறுமதிப்பீடு என்று தங்களுக்குத் தோன்றலாம். முதுகலையிலும் வரலாறே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம். சேர்க்கையின்போது முதன்மைப் பாடங்களின் மதிப்பெண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். விடைத்தாள் நகலையும், பார்வை 1-இல் உள்ள மதிப்பீட்டுத் திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது மூன்று வினாக்களில் இரண்டும் ஒத்துப்போகவில்லை. மற்ற வினாக்களில் வழங்கப்பட்ட மதிப்பெண் திட்டத்தின்படியே இருக்கிறது. அவற்றைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

மறுகூட்டலுக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பகுதி அ-வில் 15, பகுதி ஆ-வில் 15, பகுதி இ-யில் 16 என உள்ளே போடப்பட்ட மதிப்பெண்களைக் கூட்டினால் 46 தான் வருகிறது. முகப்பிலும் அதுவே இருக்கிறது. கூட்டலில் தவறு இல்லை, ஆகவே மறுகூட்டலால் எதுவும் மாறாது. மறுமதிப்பீட்டுக் கட்டணத்தைச் செலுத்தி, ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

முதலில் வினா 15 (ஆ). தென்னிந்திய வரைபடத்தில் பாஞ்சாலங்குறிச்சி, சிவகங்கை, திண்டுக்கல், வேலூர், ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய ஐந்து இடங்களைக் குறிக்கச் சொல்லியிருந்தார்கள். ஐந்தையும் குறித்திருக்கிறேன். வரைபடத் தாளை முதன்மை விடைத்தாளின் 32-ஆம் பக்கத்துக்குப் பின்னால் வைத்து நூலால் கட்டியிருக்கிறேன். தேர்வு அறையில் அப்படித்தான் கட்டச் சொன்னார்கள். 17-ஆம் பக்கத்தில் "15 (ஆ) – வரைபடம் கடைசியில் இணைக்கப்பட்டுள்ளது" என்று எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். ஆனால் வரைபடத்தில் சிவப்பு மையில் ஒரு புள்ளிகூட இல்லை. முகப்பில் உள்ள மதிப்பெண் கட்டத்தில் 15-க்கு நேராகப் பூஜ்யம் போடப்படவில்லை, சிறு கோடு மட்டுமே இழுக்கப்பட்டிருக்கிறது. எழுதாமல் விட்ட வினாவுக்குத்தான் இப்படிக் கோடு இழுப்பார்கள் என்று அறிகிறேன். வரைபடம் மடிந்து பின்னால் இருந்ததால் மதிப்பீட்டாளரின் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான தாள்களைப் புரட்டும்போது இப்படி நேர்வது இயல்பே. பிறகு இணைக்கப்பட்டதோ என்ற ஐயம் யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: வரைபடத்தின் வலது மேல் மூலையில் என் பதிவு எண்ணும், அதன் கீழ் அறைக் கண்காணிப்பாளரின் சுருக்கொப்பமும் இருக்கின்றன. முகப்பில் "கூடுதல் தாள்கள்: வரைபடம் 1" என்று எழுதப்பட்டிருக்கிறது. மதிப்பீட்டுத் திட்டத்தில் இந்த வினாவுக்கு "சரியான இடக்குறியும் பெயரும் – ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண்" என்று உள்ளது. இதில் விளக்கத்துக்கோ விவாதத்துக்கோ இடமில்லை. தாளைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

அடுத்து வினா 16, வேலூர்ப் புரட்சிக்கான காரணங்களும் விளைவுகளும். பத்து மதிப்பெண் வினா, எனக்கு 4 கிடைத்திருக்கிறது. 18-ஆம் பக்கத்தின் ஓரத்தில் மதிப்பீட்டாளர் "தலைப்பு இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். உண்மைதான், நான் உட்தலைப்புகள் போடாமல் பத்தி பத்தியாகவே எழுதியிருக்கிறேன். தலைப்பிட்டு எழுதினால் திருத்துபவருக்குச் சுலபம் என்று எங்களுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருகிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரலாற்றில் காரணம் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வரும்போது அதைப் பத்தியாக எழுதுவதே எனக்குச் சரியாக வருகிறது. மதிப்பீட்டுத் திட்டமும் இதை அனுமதிக்கிறது. அதன் பொதுக் குறிப்பு 3 இப்படிச் சொல்கிறது: "விடை பத்தி வடிவில் இருந்தாலும், உரிய கருத்துகள் இடம்பெற்றிருப்பின் அவற்றுக்குரிய மதிப்பெண் வழங்கப்பட வேண்டும்." உட்தலைப்புக்கென்று தனி மதிப்பெண் திட்டத்தில் எங்கும் இல்லை.

இந்த வினாவுக்கான பகுப்பு: முன்னுரை 1, ஏதேனும் நான்கு காரணங்கள் 4, புரட்சியின் போக்கு 3, விளைவுகள் 2. என் விடையில் இவை எங்கெங்கே இருக்கின்றன என்பதைத் தேடும் சிரமம் இல்லாமல் குறிப்பிடுகிறேன். 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் அவருடைய குடும்பத்தினர் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டதில் தொடங்கும் முன்னுரை, 18-ஆம் பக்கத்தின் முதல் பத்தி. தோல் சின்னம் பொருத்திய புதிய தலைப்பாகை, நெற்றியில் சமயக் குறியும் காதில் கடுக்கனும் கூடாது என்ற ஆணை, மீசை தாடி பற்றிய கட்டுப்பாடு, ஐரோப்பியப் படைவீரர்களோடு ஒப்பிடும்போது ஊதியத்திலும் பதவி உயர்விலும் இருந்த பாகுபாடு, கோட்டைக்குள்ளேயே திப்புவின் மைந்தர்கள் இருந்தது எனக் காரணங்கள் 18-ஆம் பக்கத்தின் கீழ்ப்பாதியிலும் 19-ஆம் பக்கத்திலும் உள்ளன. திட்டம் நான்கு கேட்கிறது, நான் ஐந்து எழுதியிருக்கிறேன். 1806 ஜூலை 10 விடியும் முன் தொடங்கிய தாக்குதல், கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டது, ஃபதே ஹைதர் மன்னராக அறிவிக்கப்பட்டது, ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து அடக்கியது ஆகியவை 20-ஆம் பக்கம். புதிய ஆணைகள் திரும்பப் பெறப்பட்டது, திப்புவின் குடும்பத்தினர் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது, ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் தலைமைத் தளபதி கிரடோக்கும் திரும்ப அழைக்கப்பட்டது ஆகியவை 21-ஆம் பக்கம்.

நான்கு மதிப்பெண் எந்தெந்தக் கருத்துக்கு வழங்கப்பட்டது என்பது நகலிலிருந்து தெரியவில்லை. மொத்தமாக ஓர் எண் மட்டுமே இருக்கிறது. காரணங்களுக்கு மட்டும் என்றால்கூட அந்த நான்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. எத்தனை வழங்கலாம் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் மதிப்பீட்டாளர்தான், ஓர் எண்ணைச் சொல்லிக் கேட்பது எனக்கு அழகல்ல. திட்டத்தில் உள்ள நான்கு பகுப்புகளின்படி தனித்தனியே மதிப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே என் வேண்டுகோள்.

கடைசியாக வினா 7, இரயத்துவாரி முறை பற்றிய குறிப்பு. இரண்டு மதிப்பெண்தான், இதைப் போய்க் கேட்க வேண்டுமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் மூன்றிலும் இதுவே என் மனத்தை அதிகம் உறுத்தியது. நான் எழுதிய விடை: "அரசு இடைத்தரகர் இன்றி உழவரிடமே நேரடியாக நிலவரி வசூலித்த முறை. 1792-க்குப் பின் பாராமகால் பகுதியில் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இதைத் தொடங்கினர்." இதில் 1792 என்பதைச் சுற்றி வட்டமிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, பூஜ்யம் வழங்கப்பட்டுள்ளது. பல கையேடுகளில் இம்முறைக்கு 1820 என்ற ஆண்டுதான் இருக்கும். மன்றோ சென்னை மாகாண ஆளுநராகி, இம்முறை மாகாணத்தில் பரவலாக நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. நான் எழுதியிருப்பது அதற்கு முந்தைய தொடக்கம். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அங்கே வரி நிர்வாகத்தைக் கவனித்தவர் ரீட், அவருக்கு உதவியாக இருந்தவர்களில் ஒருவர் மன்றோ. ஆக, 1792-உம் 1820-உம் ஒன்றுக்கொன்று முரண்படும் ஆண்டுகள் அல்ல. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். மதிப்பீட்டுத் திட்டம் இந்த வினாவுக்கு ஆண்டையே கேட்கவில்லை. "உழவரிடம் நேரடி வரி வசூல் – 1; தொடர்புடைய ஆட்சியாளர் அல்லது பகுதி – 1" என்பதே அதில் உள்ளது. இரண்டும் என் விடையில் இருக்கின்றன.

தாளைத் திருத்திய ஆசிரியர் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. அவர் யார் என்பதும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. விதிப்படி வேறொரு மதிப்பீட்டாளர் இந்த மூன்று விடைகளையும் பார்வை 1-இல் உள்ள திட்டத்தோடு வைத்து மதிப்பிட ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் குறைந்தாலும் அதுவே இறுதி என்ற விதியை விண்ணப்பப் படிவத்தில் படித்துத்தான் கையொப்பமிட்டிருக்கிறேன். இயன்றால், வினா 16-க்கான மதிப்பெண்ணை மட்டும் பகுப்புவாரியாகத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். அடுத்த பருவத்தில் எப்படி எழுத வேண்டும் என்று எனக்குப் புரியும்.

அப்புறம், மதிப்பீட்டுத் திட்டத்தை இந்தப் பருவம் முதல் இணையதளத்தில் வெளியிட்டதற்குத் தேர்வுப் பிரிவுக்கு நன்றி. அது இல்லாவிட்டால், வெறும் ஆதங்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் முன் வந்து நின்றிருப்பேன்.

அசல் விடைத்தாளை என் முன்னிலையில் பார்க்க வேண்டிய தேவை ஏற்பட்டால், வகுப்பு நாட்களில் எந்த நேரத்திலும் வரத் தயாராக இருக்கிறேன். துறை அலுவலகத்தில் சொல்லி அனுப்பினால் போதும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. தேன்மொழி

இணைப்பு:
1. மறுமதிப்பீட்டு விண்ணப்பப் படிவம், கட்டண ரசீது
2. விடைத்தாள் நகலின் முகப்பு, வினா 7-க்கான விடை உள்ள பக்கம், பக்கங்கள் 17 முதல் 21 வரை, வரைபடத் தாள்
3. மதிப்பீட்டுத் திட்டத்தில் பொதுக் குறிப்புகளும் வினாக்கள் 7, 15, 16-உம் உள்ள பக்கங்கள் (உரிய வரிகள் பென்சிலால் அடிக்கோடிடப்பட்டுள்ளன)