குறுக்கெழுத்துப் புதிர்: வேலூர்க் கோட்டை (ஆறாம் வகுப்பு)

டீச்சருக்கு

நீங்கள் அனுப்பிய படத்தில் எட்டுச் சொற்கள்: அகழி, கயிறு, கருங்கல், கலகம், கோட்டை, சிப்பாய், பாலாறு, மதில். படத்திலிருந்து எழுத்தாக மாற்றியபோது புள்ளிகள் விழுந்துவிட்டன. ‘கருஙகல’ என்றும் ‘சிபபாய’ என்றும் வந்தது. பக்கம் மடியும் இடத்தில் இருந்த ‘அகழி’, ‘அகமி’ ஆகியிருந்தது. எல்லாவற்றையும் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியாயிற்று.

‘கோட்டை’ மட்டும் கட்டத்தில் இல்லை. கோ, ட், டை மூன்றுமே மற்ற ஏழு சொற்களில் எதிலும் கிடையாது; எதோடும் கோக்க முடியாது. தலைப்பில் வைத்துவிட்டேன்.

ஏ4 தாளில் ஒரு கட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கட்டும். அதற்குக் குறைந்தால் ‘ங்’, ‘று’ எல்லாம் நெருக்கியடிக்கும்.

மாணவர்களுக்கு

ஒரு கட்டத்தில் ஓர் எழுத்து. புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. அடைப்புக்குள் இருப்பது எழுத்தின் எண்ணிக்கை.

```
■  ■  1  □  2  □
■  ■  ■  ■  □  ■
■  ■  3  □  □  ■
■  ■  □  ■  ■  ■
■  ■  □  ■  4  ■
■  ■  5  □  □  □
6  □  □  ■  □  ■
```

இடமிருந்து வலம்

1. கும்பினிப் படையில் துப்பாக்கி தூக்கியவர். புதுத் தலைப்பாகை ஆணையால் கொதித்தவர் (4)

3. நாரைத் திரித்தால் கிடைக்கும். வாளியைக் கிணற்றில் இறக்கும் (3)

5. ஆள்பவரை எதிர்த்துக் கிளம்புவது. வேலூரில் 1806 ஜூலை 10 அன்று மூண்டது (4)

6. இதன் மேல் இருக்கும் பூனை எந்தப் பக்கம் தாவுமோ? (3)

மேலிருந்து கீழ்

2. நந்தி மலைப் பக்கம் பிறந்து, வேலூரைத் தொட்டு, வங்கக்கடலுக்குப் போகிறது. பல மாதம் வெறும் மணல்தான் (3)

3. நம் ஊர்க் கோட்டையை எதனால் கட்டினார்கள்? அம்மிக்கும் அதுதான் (5)

4. பகைவர் நெருங்காதபடி கோட்டையைச் சுற்றி வெட்டிய நீர்ப்பள்ளம் (3)

விடைகள் (டீச்சரிடம் மட்டும்)

```
■   ■   சி  ப்  பா  ய்
■   ■   ■   ■   லா  ■
■   ■   க   யி  று  ■
■   ■   ரு  ■   ■   ■
■   ■   ங்  ■   அ   ■
■   ■   க   ல   க   ம்
ம   தி  ல்  ■   ழி  ■
```

இடமிருந்து வலம்: 1 சிப்பாய், 3 கயிறு, 5 கலகம், 6 மதில்.
மேலிருந்து கீழ்: 2 பாலாறு, 3 கருங்கல், 4 அகழி.

திருத்தும்போது

5-இல் ‘புரட்சி’ என்று எழுதுவார்கள். அதற்கும் நாலு எழுத்து, பொருளும் சரி. நான் கேட்டால் அந்தச் சொல்லே மேல். ஆனால் பாடப் பக்கத்தில் இருப்பது ‘கலகம்’. கருங்கல்லின் நாலாவது எழுத்து, அகழியின் இரண்டாவது எழுத்து இரண்டும் ‘க’ என்று காட்டினால் அவர்களே அழித்துக்கொள்வார்கள். முதலில் 5-ஐ எழுதிவிட்டு 4-இல் முட்டி நிற்கும் பிள்ளைக்கு மேலிருந்து கீழ் 3-ஐ முதலில் போடச் சொல்லுங்கள்.

‘கயிரு’ என்று எழுதினால் பாலாறும் ‘பாலாரு’ ஆகிவிடும். அந்த ஒரு கட்டத்துக்கு இரண்டு மதிப்பெண்ணும் குறைக்க வேண்டாம், பிழை ஒன்றுதான். ‘அகளி’ எழுதினால் காட்டிக்கொடுக்க வேறு சொல் இல்லை, ‘ழி’ கட்டத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.