நான்காவது கம்ப்ரஸர் வாங்க இருந்த தொழிற்சாலை, மூன்றாவதையும் நிறுத்தியது

வாடிக்கையாளர்: வாரம் ஆறு நாள், இரவும் பகலும் ஓடும் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தரவில்லை. எண்களை வெளியிட அனுமதி தந்திருக்கிறார்கள்.

எங்களை ஏன் கூப்பிட்டார்கள்

55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரஸர் மூன்று ஓடியும், வேலை உச்சத்தில் இருக்கும்போது கடைசி லைனில் காற்று பத்தவில்லை. கம்ப்ரஸர் அறையில் பிரஷர் 7.5 பார், லைன் முனையில் 5.6. மடிப்பு இயந்திரம் அடிக்கடி நின்றது. நான்காவது கம்ப்ரஸருக்கு விலைப்புள்ளி வாங்கி, கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்கு முன் வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அவர்களின் நிதிப் பொறுப்பாளர் பிடிவாதமாக இருந்தார். மெயின்டனன்ஸ் குழுவுக்கு எங்கள் வருகையில் அவ்வளவு விருப்பமில்லை. குழாய்களில் காற்றுக் கசிவு இருப்பது அவர்களுக்கும் தெரியும். அது பெரிய விஷயமில்லை என்று நினைத்திருந்தார்கள்.

அளந்தபோது தெரிந்தது

வார விடுமுறை நாளில், உற்பத்தி எதுவும் இல்லாதபோது, ஒரே ஒரு கம்ப்ரஸரை ஓடவிட்டோம். யாரும் காற்றைப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அது சராசரியாக 4 நிமிடம் லோடிலும், அதாவது காற்றை அழுத்திக்கொண்டும், 1 நிமிடம் அன்லோடிலும், அதாவது காற்று தராமல் சும்மாவும் ஓடியது. ஆக, ஒரு கம்ப்ரஸர் தரும் காற்றில் 80 சதவீதம் கசிவுக்கே போய்க்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 7.6 கன மீட்டர். மெயின்டனன்ஸ் தலைவர் தன் கைக்கடிகாரத்தில் இன்னொரு முறை நேரம் பார்த்தார். அதே கணக்குதான் வந்தது. விவாதம் அங்கேயே முடிந்தது.

அப்புறம் அல்ட்ராசோனிக் கருவியோடு லைன் லைனாக நடந்து, கசியும் 63 இடங்களில் எண் போட்ட அட்டை கட்டினோம். பெரும்பாலானவை சில்லறைக் கசிவுகள். பாதிக்கு மேற்பட்ட காற்று, தேய்ந்த கப்ளிங்குகள், வெடித்த ஹோஸ்கள், ஒழுங்காக மூடாத வடிகால் வால்வுகள் என்று ஒரு டஜன் இடங்களில்தான் போனது. 7 பாரில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று திறந்து கிடந்தாலே கிட்டத்தட்ட 4 கிலோவாட் வீண்.

பிரஷர் பத்தாததற்குக் காரணம் வேறு. மெயின் லைன் ஃபில்டர் அடைத்துக்கொண்டு, அது ஒன்றே 0.9 பாரைத் தின்றுகொண்டிருந்தது. நான்காவது கம்ப்ரஸர் வந்திருந்தாலும் அதே ஃபில்டர் வழியாகத்தான் ஊத வேண்டியிருக்கும்.

செய்த வேலை

பெரிய கசிவுகளை முதலில் எடுத்தோம். ஃபில்டரை மாற்றியதும் அங்கே பிரஷர் இழப்பு 0.2 பாராகக் குறைந்தது. அட்டைத் துகளை வெறும் குழாயால் ஊதிய இடங்களில் நாசில் பொருத்தினோம். முனையில் பிரஷர் நிலைத்த பிறகுதான் கம்ப்ரஸர் செட்டிங்கை 7.5-லிருந்து 6.8-க்கு இறக்கினோம், ஒரு பார் குறைத்தால் மின்செலவு ஏறக்குறைய 7 சதவீதம் குறையும் என்பது இந்தத் துறையின் பொதுக் கணக்கு. எல்லாம் அவர்களின் ஆட்களே, உற்பத்தியை நிறுத்தாமல், ஆறு வாரத்தில் செய்தார்கள். நாங்கள் வரிசையைச் சொன்னோம், ஒவ்வொரு கட்டத்திலும் அளந்தோம்.

பலன்

கம்ப்ரஸர் அறைக்கான மின்மீட்டரில் வாரத்துக்கு 22,900 யூனிட்டாக இருந்தது 15,400-ஆக இறங்கியது: 33 சதவீதக் குறைவு. உற்பத்தி குறைந்ததால் வந்த மிச்சமா என்று யாரும் கேட்பார்கள். இல்லை, ஒப்பிட்ட வாரங்களில் பெட்டி உற்பத்தி 3 சதவீதம் கூடுதல்தான். இப்போது இரண்டு கம்ப்ரஸர்கள் ஓடுகின்றன. மூன்றாவது மாற்றுக்கு நிற்கிறது. லைன் முனையில் பிரஷர் 6.2 பாருக்குக் கீழே போகவில்லை. எங்கள் கட்டணமும் உதிரிபாகச் செலவும் மூன்று மாத மின்சார மிச்சத்துக்குள் திரும்பி வந்துவிட்டன. வாங்காத கம்ப்ரஸரின் விலையை இதில் சேர்க்கவில்லை.

தீராததும் உண்டு. பழைய சிலிண்டர்கள் உள்ள ஒரு லைனில் கசிவு இன்னும் இருக்கிறது. இயந்திரத்தைப் பிரிக்காமல் அதைச் சரிசெய்ய முடியாது. வேலை முடிந்ததும் 20 சதவீதமாக இருந்த விடுமுறை நாள் கசிவு, மூன்று மாதத்தில் 24-க்கு ஏறியது. கவனிக்காமல் விட்டால் கசிவு திரும்பும். அதனால் மாதம் ஒருமுறை அவர்களே அளக்கிறார்கள்.

உங்கள் ஆலையில் பார்க்க

உற்பத்தி இல்லாத ஒரு நாளில் ஒரே கம்ப்ரஸரை ஓடவிட்டு, அது எவ்வளவு நேரம் லோடில், எவ்வளவு நேரம் அன்லோடில் இருக்கிறது என்று அரைமணி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவு விகிதம் கிடைக்கும். அந்த இரண்டு எண்களோடு கம்ப்ரஸரின் திறனையும் எங்களுக்கு அனுப்புங்கள். கசிவுக்குப் போகும் யூனிட் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அனுப்புகிறோம். ஆள் அனுப்பும் அளவுக்கு அது இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுவோம்.