அட்மின் தம்பி

செவ்வாய்ப்பேட்டையில் அந்த ஜவ்வரிசி மொத்த வியாபாரக் கம்பெனியின் மாடியில் கவினுக்கு ஒரு நாற்காலி கிடைத்தபோது ஐடி முருகேசன் ஏற்காடு பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தார். மேலே எஸ்டேட் ஆபீஸில் ரவுட்டர் படுத்துவிட்டது. போன மாதம் வேலையை விட்டுப்போன சீனியரின் அக்கவுண்டைக் காப்பி அடித்து, பெயரை மட்டும் மாற்றி, பாஸ்வேர்டைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சீனியர் எந்தெந்த குரூப்பில் இருந்தார் என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்?

"தம்பி, கம்ப்யூட்டர்தானே படிச்சிருக்கே? இந்த பிரிண்டரக் கொஞ்சம் பாரு கண்ணு" என்றாள் கணக்குப் பிரிவு சரோஜா அக்கா. அவள் சிஸ்டத்தில் கவின் லாகின் செய்து டிரைவரைப் போட்டான். பாஸ்வேர்டு கேட்காமல் ஏறியது. முருகேசன் வாரக்கணக்காக இழுத்தடித்த வேலை.

மதியத்துக்குள் அவன் மேசையைச் சுற்றி கூட்டம். ஒருவருக்கு டாலி, ஒருவருக்குத் தமிழ் எழுத்துரு. யாரோ தட்டுவடை செட் வாங்கி வந்து வைத்தார்கள்.

ஷேர் டிரைவில் `Salary` என்ற ஃபோல்டரும் திறந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளே வரிசையாகப் பெயர்கள். முருகேசன் பெயரில் மவுஸ் நின்றது. பின்னால் சரோஜா அக்காவின் வளையல் சத்தம். சட்டென்று மூடிவிட்டு, கருப்புத் திரையில் தட்டினான்.

```
whoami /groups
```

நீண்ட பட்டியலின் நடுவில் `Domain Admins`. தட்டுவடை தொண்டையில் இறங்க மறுத்தது.

முருகேசனுக்குப் போன் போட்டான்.

"அண்ணா, எனக்கு அட்மின்..."

"வளைவுல இருக்கேன்டா, கேக்கல" என்றதோடு கட்.

அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கவினு, இங்க பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சு என் அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு. திறக்க இன்னொரு அட்மின் வேணும். சீனியரும் போயிட்டாரு..."

"நான் இருக்கேண்ணா."

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"எப்படிறா?"

சொன்னான். முருகேசன் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல், கடைசியில் சர்வருக்குள் போகச் சொல்லி எழுத்தெழுத்தாகப் படித்தார்.

```
Unlock-ADAccount -Identity murugesan
```

திறந்தது. உள்ளே போன முருகேசன் செய்த முதல் வேலை, கவினை அந்த குரூப்பிலிருந்து தூக்கியதுதான்.

"எல்லா சிஸ்டத்துலயும் லாக் ஆஃப் பண்ணிட்டு வாடா. இல்லேன்னா பழைய உரிமை ஒட்டிக்கிட்டே இருக்கும். அந்த சம்பள ஃபோல்டர்... பாத்தியா?"

"பேரு மட்டும் பாத்தேண்ணா."

"ம். பாத்திருந்தா நீயே எனக்கு டீ வாங்கித் தந்திருப்ப."

லாக் ஆஃப் செய்து திரும்பி வந்தால் குடோன் பெரியவர் நின்றிருந்தார், கையில் ஸ்கேனரோடு.

"தம்பி, இதுக்கும் ஏதோ டிரைவராம்."

பொருத்தினான். திரை பாஸ்வேர்டு கேட்டது.

"முருகேசண்ணன் நாளைக்கு வந்துருவாருங்க ஐயா."

"அவரா!" என்று பெரியவர் ஸ்கேனரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.