ST-120, ST-120D எழுதும் மேசைகள்: பி.ஓ.எம் விலைக்கணக்கு

விலை தேதி: 2 ஜூன் 2025. கோவைப் பட்டறை. ஒரு லாட்டுக்கு 5 மேசை அல்லது 5-இன் மடங்கு. கீழே உள்ள எல்லா விலையும் ஜி.எஸ்.டி. இல்லாமல். உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்கிறோம் என்பதால் அது செலவில் சேராது. காம்போசிஷனில் இருக்கும் பட்டறை இந்தத் தாளை எடுத்தாண்டால் வரியையும் சேர்த்தே விலை போட வேண்டும். அவர்களுக்கு அந்த வரி திரும்ப வராது.

ST-120 என்பது 1200 × 600 மேற்பலகை, 750 உயரம் (அளவு எல்லாம் மி.மீ.). ST-120D அதே மேசை, ஒரு டிராயர் கூடுதல். இரண்டுக்கும் ஃபிரேம் ஒன்றே, பலகையும் ஒன்றே. அதனால் ஃபிரேமை இரண்டு இடத்தில் எழுதவில்லை. ஒரு தடவை கணக்குப் போட்டு இரண்டிலும் ஏற்றியிருக்கிறோம்.

ஃபிரேம், பெயின்டுக்கு முன் (FR-120R)

25 × 25 சதுர டியூப், 16 கேஜ், 6 மீட்டர் லென்த். ஒரு மேசைக்கு வெட்டு: கால் 730 × 4, நீளச் சட்டம் 1100 × 3, குறுக்குச் சட்டம் 500 × 4. கூட்டினால் 8.22 மீட்டர். ஆனால் தாளில் ஏறுவது 8.22 அல்ல, 8.40. லென்த்தை வெட்டும்போது என்ன மிஞ்சுகிறது என்று பார்க்காமல் அளவு போட்டால் ஒவ்வொரு மேசையிலும் டியூப் கைவிட்டுப் போகும்.

5 மேசைக்கு 1100 துண்டு 15, 730 துண்டு 20, 500 துண்டு 20 வேண்டும். வீல் வெட்டுக்கு 3 மி.மீ. போகும். இப்படி வெட்டுகிறோம்:

- 3 லென்த்: 1100 × 4 + 730 × 2. மிச்சம் 122
- 3 லென்த்: 730 × 4 + 500 × 6. மிச்சம் 50
- 1 லென்த்: 1100 × 3 + 730 × 2 + 500 × 2. மிச்சம் 219

7 லென்த், 42 மீட்டர், 5 மேசை. ஆகவே மேசைக்கு 8.40. ஆறு மேசை கேட்டு ஆர்டர் வந்தால் 9 லென்த் எடுக்க வேண்டும். ஒன்பதாவது லென்த்தில் மூன்று மீட்டருக்கு மேல் மிஞ்சி ரேக்குக்குத் திரும்பும். அது அடுத்த லாட்டில் நிஜமாகவே செலவானால்தான் 8.40 நிற்கும், மூலையில் துருப்பிடித்தால் அந்த ஆறாவது மேசைதான் அதற்கும் சேர்த்து விலை கொடுக்கிறது.

எடை: ஒரு லென்த் 7.05 கிலோ. கட்டு வந்ததும் ஒரு லென்த்தைத் தராசில் வைத்துப் பார்க்கவும். 6.22 காட்டினால் சுவர் 1.6 அல்ல, 1.4. கிலோ கணக்கில் வாங்கினால் பணம் நஷ்டமில்லை, வெல்டிங்கில் ஓட்டை விழும். லென்த் கணக்கில் வாங்கினால் இரண்டும் நஷ்டம்.

கிலோ ₹68, வண்டி வாடகையும் இறக்குகூலியும் ₹1.50. பட்டறைக்குள் வந்த விலை ₹69.50.

| பொருள் / வேலை | அளவு | வீதம் | ₹ |
|---|---|---|---|
| டியூப் 25×25×1.6 | 9.87 கிலோ | 69.50 | 685.97 |
| 30×3 பட்டை, 6 காது | 0.1343 கிலோ | 70.00 | 9.40 |
| மிக் ஒயர் 0.8 | 0.06 கிலோ | 120.00 | 7.20 |
| கார்பன் டை ஆக்சைடு | 0.15 கிலோ | 34.00 | 5.10 |
| கட்டிங் வீல், ஃபிளாப் டிஸ்க் | 1 மேசைப் பங்கு | 35.50 | 35.50 |
| வெட்டு, ஹெல்பர் | 20 நிமிடம் | 1.40 | 28.00 |
| வெல்டிங், வெல்டர் | 50 நிமிடம் | 2.00 | 100.00 |
| கிரைண்டிங், ஹெல்பர் | 25 நிமிடம் | 1.40 | 35.00 |
| FR-120R | 95 நிமிடம் | | 906.17 |

மிச்சத் துண்டு 5 மேசைக்குக் கிட்டத்தட்ட முக்கால் மீட்டர், ஒரு கிலோகூட வராது. பழைய இரும்புக்குப் போட்டு வரும் காசைக் கழிக்கவில்லை. டீச் செலவுக்கு ஆகட்டும்.

நிமிட வீதம் வந்த விதம்: வெல்டர் சம்பளம் ₹18,500. தீபாவளி போனஸ் ஒரு மாதச் சம்பளம், அதில் மாதப் பங்கு ₹1,542. மொத்தம் ₹20,042. 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் நிமிடம் ₹1.61 வரும். அது தப்பு. டீ, சாப்பாடு, கரன்ட் கட், லோடு இறக்குவது எல்லாம் போக ஜாப் மேல் கை இருப்பது ஆறரை மணி நேரம். 169 மணி நேரம், 10,140 நிமிடம்: ₹1.98. தாளில் ₹2. ஹெல்பர் ₹13,000 சம்பளத்துக்கு இதே வழியில் ₹1.39, தாளில் ₹1.40.

ஃபிரேம், கோட்டிங் முடிந்தது (FR-120)

பவுடர் கோட்டிங் வெளியே, சதுர அடிக் கணக்கு. 100 மி.மீ. சுற்றளவு × 8.22 மீட்டர் = 8.85 சதுர அடி. இங்கே 8.40 போடக் கூடாது. மிச்சத் துண்டுக்குக் கோட்டிங் இல்லை.

| | அளவு | வீதம் | ₹ |
|---|---|---|---|
| FR-120R | 1 | 906.17 | 906.17 |
| பவுடர் கோட்டிங் | 8.85 ச.அடி | 14.00 | 123.90 |
| லோடு ஆட்டோ, போக வர (20 ஃபிரேமுக்கு ₹800) | 1 | 40.00 | 40.00 |
| திரும்பக் கோட்டிங், 4% | 163.90 | 0.04 | 6.56 |
| FR-120 | | | 1076.63 |

25 ஃபிரேமில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்த 4% இது. காரணம் பெரும்பாலும் நம்முடையதே: வெல்டிங் தெறிப்பைச் சீவாமல் அனுப்புவது, டியூப்புக்குள் எண்ணெய். பத்து ஃபிரேம் மட்டும் அனுப்பினாலும் ஆட்டோவுக்கு அதே ₹800. அப்போது இந்த வரி 80 ஆகும், 4% வரியும் கூடும்.

மேற்பலகை (TP-120)

18 மி.மீ. பிரீலாம், 8 × 4 ஷீட், வண்டியோடு ₹1,890. 2440 × 1220-இல் 1200 × 600 துண்டு சரியாக நான்கு. ஒன்று ₹472.50. பலகையைச் சதுர அடியில் கணக்குப் போடும் பழக்கம் இங்கே ஏமாற்றும். வாடிக்கையாளர் "அகலம் 650 போடுங்க, ரெண்டு இஞ்ச்தானே" என்பார். 650 போட்டால் ஷீட்டுக்கு மூன்றுதான், துண்டு ₹630. ரெண்டு இஞ்சுக்கு ₹157.50.

| | அளவு | வீதம் | ₹ |
|---|---|---|---|
| 18 மி.மீ. பிரீலாம் | 1/4 ஷீட் | 1890.00 | 472.50 |
| எட்ஜ் பேண்ட் | 3.8 மீ | 6.00 | 22.80 |
| பசை | 1 | 5.00 | 5.00 |
| வெட்டுக் கூலி, வெளியே | 1 | 15.00 | 15.00 |
| எட்ஜ் ஒட்டுதல் | 15 நிமிடம் | 1.40 | 21.00 |
| TP-120 | 15 நிமிடம் | | 536.30 |

டிராயர் (DR-40)

18 மி.மீ. ஷீட்டில் 6 செட் (315.00), அடிப்பலகை 6 மி.மீ. ஷீட்டில் 18 (₹760 ÷ 18 = 42.22), 16 இஞ்ச் டெலஸ்கோப்பிக் சேனல் ஒரு ஜோடி 190.00, கைப்பிடி 45.00, ஸ்க்ரூ 12.00, எட்ஜ் பேண்ட் 3.6 மீ 21.60, வெட்டுக் கூலி 8 துண்டு 40.00, தச்சர் 45 நிமிடம் 90.00. மொத்தம் 755.82. பரப்பளவைக் கூட்டிப் பார்த்தால் 18 மி.மீ. ஷீட்டில் எட்டு செட் வரும் போலத் தோன்றும். நீளவாக்கில் கீற்று கீற்றாக வெட்டினால் ஏழாவது செட்டுக்கே இடம் போதாது.

முழு மேசை

| | ST-120 | ST-120D |
|---|---|---|
| FR-120 | 1076.63 | 1076.63 |
| TP-120 | 536.30 | 536.30 |
| DR-40 | – | 755.82 |
| கால் புஷ் 4 × 3.50 | 14.00 | 14.00 |
| ஸ்க்ரூ 16 மி.மீ., 6 | 6.00 | 6.00 |
| பேக்கிங் | 48.00 | 48.00 |
| பூட்டுதல் 20 நிமிடம் | 28.00 | 28.00 |
| டிராயர் பொருத்துதல் 15 நிமிடம் | – | 21.00 |
| நேரடிச் செலவு | 1708.93 | 2485.75 |
| மொத்த நிமிடம் | 130 | 190 |
| பொதுச்செலவு, நிமிடம் 1.78 | 231.40 | 338.20 |
| அடக்க விலை | 1940.33 | 2823.95 |

கால் புஷ் ஃபிரேமுக்கு உரியது என்று FR-120R-க்குள் போட்டுவிடாதீர்கள். தாளைப் பார்த்து வேலை செய்பவர் புஷ்ஷை அடித்துக் கோட்டிங்குக்கு அனுப்புவார், அடுப்புச் சூட்டில் உருகி வரும். எந்தப் படியில் பொருத்துகிறோமோ அந்தப் படியில்தான் பொருள். ஸ்க்ரூ 16-க்குப் பதில் 25 எடுத்தால் 3 மி.மீ. காதைத் தாண்டி 22 உள்ளே போய்ப் பலகையின் மேலே முளைக்கும்.

பொதுச்செலவு மாதத்துக்கு: வாடகை 22,000, கரன்ட் 9,500, கணக்கர் 4,500, மெஷின் தேய்மானமும் பராமரிப்பும் 6,000, உரிமையாளர் சம்பளம் 30,000. ஆக 72,000. நான்கு பேரின் 40,560 நிமிடத்தால் வகுத்தால் 1.78. உரிமையாளர் சம்பளத்தை விட்டுவிட்டால் லாபம் வருகிற மாதிரியே இருக்கும், வீட்டுக்கு எதுவும் போகாது. பொதுச்செலவை ஃபிரேமில் ஒரு தடவை, மேசையில் ஒரு தடவை என்று ஏற்றவும் கூடாது. கீழ்ப்படியிலிருந்து ரூபாய் தனியாக, நிமிடம் தனியாக மேலே வரும்; கடைசியில் நிமிடத்தின் மேல் ஒரே தடவை.

விற்பனை விலை: விலையில் 20% நமக்கு நிற்க வேண்டும். 1940.33 ÷ 0.80 = 2425.41, பட்டியலில் ₹2,450. டிராயர் மேசை 3529.94, பட்டியலில் ₹3,550. 1.20-ஆல் பெருக்கினால் 2328.40 வரும்; அதில் நிற்பது 16.67% மட்டுமே.

ஷீட்டில் ஏற்றும் முறை

BOM தாளில் A தாய்ப்பொருள், B உள்பொருள், C அளவு, D வீதம், E தொகை. வாங்கும் விலை எல்லாம் Rates தாளில் மட்டும். BOM-இல் விலையைக் கையால் அடிக்கக் கூடாது.

```
D2: =IF(COUNTIF(A3:A$300,B2)>0,
     SUMIF(A3:A$300,B2,E3:E$300),
     VLOOKUP(B2,Rates!$A:$C,3,FALSE))
E2: =C2*D2
```

தாய்ப்பொருள் மேலே, அதன் உள்பொருள் வரிகள் கீழே. வரம்பு A3-இல் தொடங்குவது அதற்காகத்தான்: தன் வரிக்குக் கீழே மட்டும் பார்க்கும். A$2:A$300 என்று போட்டால் E2 தன்னையே கூட்டப் போய் சுழல் எச்சரிக்கை வரும். வரிகளை அகரவரிசையில் அடுக்கினாலும் கெட்டது. FR-120 மேலே ஏறிவிட்டால் அதைத் தேடும் ST-120 வரி கீழே எதையும் காணாமல் Rates-க்குப் போய் `#N/A` காட்டும். அந்த `#N/A`-வை IFERROR போட்டு 0 ஆக்காதீர்கள். விலை இல்லாத சேனல் பூஜ்யமாகி மேசை ₹190 குறைவாகத் தெரியும், யாருக்கும் தெரியாமல் கொட்டேஷன் போய்விடும்.

ஏற்றியதும் சோதிக்க: Rates-இல் டியூப்பை 69.50-லிருந்து 73.50 ஆக்கவும். இரண்டு மேசையிலும் நேரடிச் செலவு 39.48 கூட வேண்டும். பிறகு 18 மி.மீ. ஷீட்டில் ₹100 கூட்டவும். ST-120-இல் 25.00, ST-120D-இல் 41.67. இரண்டாவதிலும் 25 மட்டும் காட்டினால் டிராயர் வரியில் யாரோ விலையைக் கையால் அடித்திருக்கிறார்கள்.

டியூப், ஷீட் விலை ஒவ்வொரு பில்லுக்கும் மாற்றவும். மற்றவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். கொட்டேஷன் செல்லுபடி 10 நாள். டியூப் கிலோவுக்கு ₹4-க்கு மேல் நகர்ந்தால் அதற்கு முன்பே திருத்திய விலை அனுப்பவும்.