இலாபநட்டப் பகிர்வுக் கணக்கு: 2025 மார்ச் 31இல் முடிந்த ஆண்டு

கடை: உலர் உணவு மொத்த வியாபாரம், நான்காம் குறுக்குத்தெரு, கொழும்பு 11
பங்காளர்: சிவபாலன், அருளானந்தன், கௌசல்யா
காலம்: 2024 ஏப்ரல் 1 முதல் 2025 மார்ச் 31 வரை. தொகைகள் எல்லாம் ரூபாவில்.

சிவபாலன் அண்ணர், அருள் அண்ணர், கௌசல்யா தங்கச்சி மூவருக்கும்: 21ஆம் திகதி சனிக்கிழமை கடை பூட்டினபிறகு இருந்து பேசுவதற்கு முன் இதை ஒருதரம் வாசித்து வையுங்கள். ஒவ்வொரு வருடமும் முதல் கேள்வி "மூன்றுக்கு இரண்டுக்கு ஒன்று என்றால் எனக்கு ஏன் இவ்வளவு?" என்பதுதான். விகிதம் கடைசி வரியில்தான் வேலை செய்கிறது. அதற்கு மேலே உள்ள வரிகள்தான் இந்த வருடம் பெரியவை.

1. பகிரத்தக்க இலாபம்

| விபரம் | ரூபா |
|---|---:|
| இலாபநட்டக் கணக்கின்படி தேறிய இலாபம் | 4,321,500 |
| கூட்டு: சம்பளச் செலவில் சேர்ந்துபோன அருளானந்தனின் சம்பளம் | 900,000 |
| கழி: சிவபாலன் தந்த கடனுக்கான வட்டி | (37,500) |
| பகிரத்தக்க இலாபம் | 5,184,000 |

அருள் அண்ணர் மாதம் 75,000 காசாக எடுக்கிறார். கடையில் சம்பளப் பட்டியல் எழுதும் பிள்ளை அதை நாட்டாமைகள், விற்பனைப் பொடியன்களின் சம்பளத்தோடு ஒன்றாகப் போட்டிருக்கிறார். பங்காளர் சம்பளம் கடையின் செலவு அல்ல, இலாபத்தைப் பகிரும் ஒரு வழி. திரும்பக் கூட்டாமல் விட்டால் அதே சம்பளம் இரண்டு தரம் கழிபட்டு, மற்ற இருவரின் பங்கும் குறைந்திருக்கும்.

கடன் வட்டி இதற்கு நேர்மாறு. ஒக்டோபர் 1ஆம் திகதி பருப்புக் கொள்கலனை எடுக்கக் காசு பற்றாமல் போனபோது சிவபாலன் அண்ணர் கொடுத்த 1,500,000 மூலதனம் அல்ல, கடன். அதற்கான வட்டி கடையின் செலவு, ஆகவே பகிர்வுக்கு முன்பே கழிகிறது. வீதத்தைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை. எழுதாத இடத்தில் 1890ஆம் ஆண்டின் பங்குடைமைச் சட்டம் வருடம் 5 வீதம் என்கிறது. இங்கிலாந்துச் சட்டம்தான், ஆனாலும் இலங்கையில் பங்குடைமைக்கு அதுவே பொருந்துகிறது. ஆறு மாதத்துக்கு 37,500. வங்கியில் எடுத்திருந்தால் இதைவிடக் கூடத்தான் கொடுத்திருப்பீர்கள். அடுத்த தரம் காசு கைமாறும்போதே வீதத்தை ஒரு துண்டில் எழுதி ஒப்பம் போடுங்கள்.

2. மூலதன வட்டி (ஒப்பந்தப்படி வருடம் 10 வீதம்)

| பங்காளர் | மூலதனம் | காலம் | வட்டி |
|---|---:|---|---:|
| சிவபாலன் | 8,000,000 | 12 மாதம் | 800,000 |
| அருளானந்தன் | 5,000,000 | 12 மாதம் | 500,000 |
| அருளானந்தன், மேலதிகம் | 1,200,000 | ஒக்டோபர் 1 முதல் 6 மாதம் | 60,000 |
| கௌசல்யா | 2,000,000 | 12 மாதம் | 200,000 |
| மொத்தம் | | | 1,560,000 |

3. எடுப்பனவு வட்டி (ஒப்பந்தப்படி வருடம் 12 வீதம், எடுத்த நாளிலிருந்து மார்ச் 31 வரை)

| பங்காளர் | எடுத்தது | கணக்கிட்ட விதம் | வட்டி |
|---|---:|---|---:|
| சிவபாலன் | 600,000 | மாத முடிவுதோறும் 50,000, சராசரி 5½ மாதம் | 33,000 |
| அருளானந்தன் | 400,000 | ஜூன் 30, 9 மாதம் | 36,000 |
| அருளானந்தன் | 300,000 | டிசம்பர் 31, 3 மாதம் | 9,000 |
| கௌசல்யா | 240,000 | காலாண்டுத் தொடக்கம்தோறும் 60,000, சராசரி 7½ மாதம் | 18,000 |
| மொத்தம் | 1,540,000 | | 96,000 |

சிவபாலன் அண்ணர் எடுப்பது மாத முடிவில். ஏப்ரல் முடிவில் எடுத்ததற்கு 11 மாதம், மார்ச் முடிவில் எடுத்ததற்கு ஒன்றுமில்லை, சராசரி 5½. மாதத் தொடக்கத்தில் எடுத்திருந்தால் 6½ மாதமாகி வட்டி 39,000 ஆகியிருக்கும்.

கௌசல்யாவின் 18,000 பற்றி என் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு மாதம் 60,000 சம்பளம் உண்டு, வருடம் முழுக்க அதில் ஒரு சதமும் எடுக்கவில்லை. எடுத்த 240,000ஐயும் காசேட்டில் "எடுப்பனவு" என்று எழுதி நீங்கள் மூவரும் ஒப்பமிட்டிருப்பதால் ஒப்பந்தப்படி வட்டி போட்டிருக்கிறேன். அருள் அண்ணர் எடுத்த மாதக் காசு சம்பளமாகக் கணக்கில் வந்ததால் அதற்கு வட்டி இல்லை. இது சமமாகத் தெரியவில்லை. மூவரும் உடன்பட்டு அந்த 240,000ஐச் சம்பளமாகக் கொண்டால் கௌசல்யாவுக்கு 15,000 கூடும், சிவபாலனுக்கு 9,000உம் அருளானந்தனுக்கு 6,000உம் குறையும். கூடுவது 18,000 ஆகாததற்குக் காரணம், வட்டி போனால் பகிரும் மீதியும் அதே அளவு குறைந்து, அதில் அவருடைய ஆறில் ஒரு பங்கும் போகிறது.

4. பகிர்வு

| விபரம் | சிவபாலன் | அருளானந்தன் | கௌசல்யா | மொத்தம் |
|---|---:|---:|---:|---:|
| பகிரத்தக்க இலாபம் | | | | 5,184,000 |
| கூட்டு: எடுப்பனவு வட்டி | (33,000) | (45,000) | (18,000) | 96,000 |
| | | | | 5,280,000 |
| கழி: பங்காளர் சம்பளம் | – | 900,000 | 720,000 | (1,620,000) |
| கழி: மூலதன வட்டி | 800,000 | 560,000 | 200,000 | (1,560,000) |
| மீதி இலாபம் | | | | 2,100,000 |
| மீதி, 3:2:1 | 1,050,000 | 700,000 | 350,000 | |
| ஒவ்வொருவருக்கும் | 1,817,000 | 2,115,000 | 1,252,000 | 5,184,000 |

அடைப்புக்குறி பங்காளரின் நிரலில் இருந்தால் அவரிடமிருந்து கழிவது, மொத்த நிரலில் இருந்தால் இலாபத்திலிருந்து கழிவது. கடைசி வரியின் மூன்று தொகையும் கூடி 5,184,000 வருகிறதா என்று கல்குலேட்டரில் ஒருதரம் பாருங்கள். வராவிட்டால் எங்கோ ஒரு வட்டி ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாதிருந்தால் சட்டப்படி சம்பளமும் இல்லை, மூலதன வட்டியும் இல்லை, ஆளுக்கு 1,728,000 சமமாகப் போயிருக்கும். எட்டு மில்லியன் போட்டவருக்கும் இரண்டு மில்லியன் போட்டவருக்கும் ஒரே தொகை.

5. நடைமுறைக் கணக்குகள்

| விபரம் | சிவபாலன் | அருளானந்தன் | கௌசல்யா |
|---|---:|---:|---:|
| 2024.04.01 மீதி | 210,000 | (85,000) | 40,000 |
| இந்த வருடப் பகிர்வு | 1,817,000 | 2,115,000 | 1,252,000 |
| கடன் வட்டி | 37,500 | – | – |
| காசாகப் பெற்ற சம்பளம் | – | (900,000) | – |
| எடுப்பனவு | (600,000) | (700,000) | (240,000) |
| 2025.03.31 மீதி, கடை தரவேண்டியது | 1,464,500 | 430,000 | 1,052,000 |

பகிர்வில் கூடிய தொகை அருள் அண்ணருக்கு. கையில் எடுக்க மிஞ்சியிருப்பதில் குறைந்ததும் அவருக்கே, ஏனென்றால் 1,600,000 ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, போன வருடத்து 85,000உம் கழிந்தது. மூவரின் மீதியும் சேர்ந்து 2,946,500. இலாபம் இவ்வளவு என்பதால் வங்கியிலும் இவ்வளவு கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். அதில் பெரும்பகுதி களஞ்சியத்தில் மூட்டையாகவும் வெளியூர்க் கடைக்காரரின் கடன் கொப்பியிலும் இருக்கிறது. மூவரும் ஒரே கிழமையில் காசோலை எழுதினால் அடுத்த கொள்கலனுக்கு மறுபடியும் சிவபாலன் அண்ணரிடம்தான் போக வேண்டிவரும்.

சனிக்கிழமை முடிவு சொல்ல வேண்டியவை இரண்டு: கௌசல்யாவின் 240,000 எடுப்பனவா சம்பளமா என்பது, சிவபாலன் அண்ணரின் கடனுக்கு ஏப்ரல் 1 முதல் என்ன வட்டி என்பது. முதலாவதில் மாற்றம் என்றால் 3, 4, 5ஆம் அட்டவணைகளைத் திருத்தி அன்றைக்கே புதிய பிரதி தருவேன். மாற்றம் இல்லையென்றால் இந்தப் பிரதியிலேயே மூவரும் ஒப்பமிடலாம்.

தயாரித்தவர்: கடையின் கணக்காளர்
கொழும்பு, 2025 ஜூன் 14