பார்சல் தொலைந்தாலோ உடைந்தாலோ எங்கள் பொறுப்பு எவ்வளவு

சுங்கை சிப்புட் கிளை. அனுப்புச் சீட்டின் பின்பக்க நிபந்தனைகளில் 9-ஆம் பிரிவு. 1 மார்ச் 2025 முதல் இந்தக் கவுண்டரில் ஏற்கும் எல்லாப் பார்சல்களுக்கும் பொருந்தும். "நாங்கள்" என்றால் இந்தக் கூரியர் கடையும், ஈப்போவுக்குப் போகும் எங்கள் வேனும், அங்கிருந்து எங்களுக்காகப் பார்சலைக் கொண்டு போகிறவர்களும். "நீங்கள்" என்றால் சீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்.

9.1 பொறுப்பு தொடங்குவதும் முடிவதும்

பார்சலை எடை போட்டு, சீட்டில் முத்திரை குத்தி, உங்கள் பிரதியைக் கையில் கொடுத்த நொடியிலிருந்து அது எங்கள் பொறுப்பு. கடை திறக்குமுன் வாசலில் வைத்துவிட்டுப் போனது கணக்கில் வராது.

பெறுபவரிடமோ, அதே முகவரியில் இருக்கும் 18 வயதைத் தாண்டிய ஒருவரிடமோ கொடுத்து, பெயரும் ஐசி எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் எழுதி வாங்கியதும் எங்கள் பொறுப்பு முடிகிறது. தோட்டத்து விலாசங்களில்தான் சிக்கல். பகலில் லயத்தில் ஆள் இருப்பதில்லை, வேன் கேட்டோடு நிற்க வேண்டியிருக்கிறது. "ஜாகாவிடம் கொடுக்கலாம்" என்று நீங்கள் சீட்டில் எழுதியிருந்தால், ஜாகா கையெழுத்துப் போட்டதும் எங்கள் பொறுப்பு முடியும். எழுதாமல் இருந்து எங்கள் ஆள் தன் இஷ்டத்துக்கு அங்கே விட்டு வந்தால் முடியாது, பார்சல் காணாமல் போனால் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

9.2 வரம்பு

மலேசியாவுக்குள் போகும் பார்சல் தொலைந்தாலோ சேதமடைந்தாலோ, கீழே உள்ளவற்றில் எது குறைவோ அதைத் தருவோம்: பொருளின் உண்மையான மதிப்பு, சீட்டில் நீங்கள் எழுதிய மதிப்பு, அல்லது ஒரு பார்சலுக்கு 200 ரிங்கிட். தாள்கள் மட்டும் உள்ள உறைக்கு வரம்பு 100 ரிங்கிட். மறுபிரதி எடுக்கும் செலவும் அதற்குள் அடங்கும். இவற்றோடு நீங்கள் கட்டிய அனுப்புக் கட்டணத்தையும் முழுதாகத் திருப்பித் தருவோம். பாதிதான் சேதம் என்றால் அந்தப் பாதிக்குத்தான் ஈடு.

200 ரிங்கிட் குறைவு என்று தோன்றினால், அனுப்பும்போதே மதிப்பை அறிவித்து அதில் 1 விழுக்காட்டைக் கூடுதலாகக் கட்டுங்கள். அப்படிக் கட்டியவருக்கு 200 அல்ல, அறிவித்த தொகைதான் வரம்பு. உச்சம் 3,000 ரிங்கிட். 1,500 ரிங்கிட் கைப்பேசிக்கு அந்தக் கூடுதல் 15 ரிங்கிட். அதை மிச்சம் பிடிக்க "மதிப்பு 50" என்று எழுதுகிறவர்கள் உண்டு. தொலைந்தபின் 50 ரிங்கிட்டை நீட்டும்போது கவுண்டரில் இருக்கும் பெண்ணுக்கும் சங்கடம், உங்களுக்கும் ஆத்திரம். சீட்டில் எழுதிய தொகையை அப்புறம் ஏற்ற முடியாது.

9.3 மதிப்பைக் கணக்கிடுவது

அனுப்பிய நாளில் அதே நிலையில் உள்ள பொருளை வாங்க ஆகும் விலைதான் மதிப்பு. புதிய பொருளுக்குக் கடை ரசீது போதும். பழைய பொருளுக்குப் பயன்படுத்திய காலத்துக்கு ஏற்பக் கழிப்போம். சேலையோடு தைத்த ரவிக்கையும் போயிருந்தால் தையல் கூலியைச் சேர்த்துக்கொள்ளலாம். பாட்டியின் சேலை என்பதற்காகக் கூடுதல் தொகை வராது. அந்த இழப்புக்கு நம்மால் விலை போட முடியாது என்பதால் அப்படி எழுதியிருக்கிறோம், மதிக்காமல் அல்ல.

பார்சல் போகாததால் கைநழுவிய வியாபாரம், தவறிப்போன நேர்முகத் தேர்வு, கல்யாண வீட்டில் பட்ட அவமானம் போன்றவற்றுக்கு ஈடு கிடையாது.

9.4 பொதியும் பலகாரமும்

உள்ளே இருப்பதைப் பொதிவது உங்கள் வேலை. ஊறுகாய் பாட்டிலின் மூடியைச் சுற்றி டேப் ஒட்டாமல், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தால் ஒழுகத்தான் செய்யும், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல. அதன் எண்ணெய் பக்கத்துப் பார்சலில் பட்டால் அந்த ஈட்டை உங்களிடம் கேட்போம்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் தகர டப்பாவில் முறுக்கும் அதிரசமும் நிறைய வரும். முறுக்கு நொறுங்குவது அதன் இயல்பு, அதைச் சேதமாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆனால் டப்பா நசுங்கியோ வெளி அட்டை கிழிந்தோ போய்ச் சேர்ந்தால் அது எங்கள் கையில் நடந்தது, ஈடு உண்டு. சீட்டில் "உடையும் பொருள்" என்று எழுதினால் கவனமாக அடுக்குவோம். அதனால் வரம்பு உயராது.

9.5 ஏற்காதவை

பணம், தங்கம், தாலி, கடப்பிதழ், உயிருள்ளவை, பட்டாசு, எரியும் திரவம். இவற்றை மறைத்து அனுப்பித் தொலைந்தால் ஈடு கிடையாது. சேலை மடிப்பில் சங்கிலி வைத்து அனுப்புவதும் மறைப்பதுதான்.

9.6 வரம்பு பொருந்தாத இடம்

எங்கள் ஆள் பார்சலைத் திருடினாலோ, வேண்டுமென்றே சேதப்படுத்தினாலோ, கொஞ்சமும் அக்கறையின்றி மழையில் போட்டு வைத்தாலோ 9.2-இன் வரம்பு எங்களைக் காப்பாற்றாது. முழு மதிப்பையும் தருவோம். வெள்ளம் சாலையை அடைத்ததால் வரும் தாமதத்துக்கு ஈடு இல்லை. அதே வெள்ளத்தில் பார்சலை உயரத்தில் எடுத்து வைக்கத் தவறினால் அது எங்கள் குற்றம்.

பழைய சீட்டில் "எதற்கும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று ஒரே வரி இருந்தது. அதை எடுத்துவிட்டோம். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் தர வேண்டும் என்கிறது. அந்த உரிமையை ஒரு சீட்டில் எழுதிப் பறிக்க முடியாது. இந்தப் பிரிவில் எதுவும் அப்படிப் பறிப்பதாகத் தெரிந்தால் அந்த வரி மட்டும் செல்லாது, மற்றவை நிற்கும்.

9.7 வெளிநாட்டுக்கு விமானத்தில் போகும் பார்சல்

சென்னைக்கும் திருச்சிக்கும் அனுப்புகிறவர்கள் கவனிக்க: இந்தப் பயணத்துக்கு 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன்படி வரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., இது 28 டிசம்பர் 2024 முதல் உள்ள அளவு. எஸ்.டி.ஆர். என்பது அனைத்துலக நாணய நிதியத்தின் கணக்கு அலகு, ரிங்கிட்டில் அதன் மதிப்பு தினமும் மாறும். எங்கள் 200 ரிங்கிட் வரம்பு இங்கே பொருந்தாது. சேதம் என்றால் பார்சலைப் பெற்ற 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், வழக்கென்றால் இரண்டு ஆண்டுக்குள்.

9.8 கோரிக்கை

உள்நாட்டுப் பார்சல் சேதமாக வந்தால் 7 நாளுக்குள் சொல்லுங்கள். அட்டையையும் உள்பொதியையும் தூக்கி எறியாதீர்கள், படம் எடுங்கள், நாங்கள் பார்க்கும்வரை வைத்திருங்கள். 14 நாளாக எந்த நிலையத்திலும் பதிவாகாத பார்சலைத் தொலைந்ததாக எடுத்துக்கொள்வோம். அதிலிருந்து 30 நாளுக்குள் சீட்டுப் பிரதி, ரசீது, ஐசி நகலோடு கவுண்டருக்கு வாருங்கள். தோட்ட வேலை முடிந்து வருகிறவர்களுக்காக வெள்ளிக்கிழமை இரவு 8 மணி வரை கோரிக்கை வாங்குவோம். தாள்கள் முழுமையாக வந்த 14 வேலை நாளுக்குள் பதில், ஒப்புக்கொண்டால் அதற்குள் பணம்.

காலம் தவறி வந்தாலும் தாளை வாங்கிப் பார்ப்போம். எங்கள் தவறு தெளிவாகத் தெரிந்தால் காலத்தைச் சொல்லித் தட்டிக் கழிக்க மாட்டோம்.

எங்கள் பதில் திருப்தி இல்லையென்றால், சொந்த உபயோகத்துக்கு அனுப்பியவர் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே 5 ரிங்கிட் கட்டிப் பதியலாம், வக்கீல் தேவையில்லை, காரணம் எழுந்த மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். வியாபாரச் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு இந்த வழி திறந்ததல்ல, அவர்கள் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆகையால் 9.2-இல் மதிப்பை அறிவிப்பது அவர்களுக்கு இன்னும் அவசியம்.

9.9 மொழி

இதன் மலாய்ப் பிரதி கவுண்டர் சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் பொருளில் வேறுபாடு இருந்தால், அனுப்புகிறவருக்கு எது சாதகமோ அதையே எடுத்துக்கொள்வோம். படிக்கத் தெரியாதவருக்குக் கவுண்டரில் வாய்விட்டுப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்தோ கைரேகையோ வாங்குவோம்.