42 முகங்கள்

வகுப்புப் படம் குழுவுக்கு வந்ததும் மதுமிதா முதலில் தன்னைத்தான் தேடினாள். கூட்டமாக எடுத்த படம் எதுவானாலும் எல்லோரும் செய்வது அதுதான். முன்வரிசை நாற்காலிகளில் ஆசிரியர்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்கும் பின்னால் பெஞ்சின் மேல் ஏறி நின்ற உயரமான பையன்கள். இரண்டாவது வரிசையில் செல்விக்குப் பக்கத்தில் நின்றது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

செல்வி கிடைத்துவிட்டாள். அவளுக்கு ஒரு பக்கம் ஆர்த்தி. மறுபக்கம் யாரோ ஒருத்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். மதுமிதாவின் கண் அவளைத் தாண்டி வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. தான் எங்கே என்று மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள். அப்புறம்தான் அந்தச் சிரிக்கிற பெண்ணின் கழுத்தில் தன்னுடைய நீல ஸ்கார்ஃப் இருப்பது தெரிந்தது.

படத்தைப் பெரிதாக்கினாள். வகிடு எதிர்ப்பக்கம் இருந்தது. மேல்வரிசைப் பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் லேசாக ஏறியிருந்தது. கன்னம் உருண்டை. நெற்றியில், இடது புருவத்துக்கு மேலே, அம்மை போட்ட தழும்பு. தாடையில் ஒரு பரு. தன் முகம் என்று தெரிந்த பிறகும் அது வேறு யாருடைய முகம் போலவோ இருந்தது. வயிற்றில் ஏதோ இறங்கியது.

குழுவில் செய்திகள் ஓடிக்கொண்டிருந்தன. "ஐயோ என் கண்ணு மூடியிருக்கு." "மேல நிக்கிறவன் யாரு, தலையே இல்ல?" வகுப்புத் தலைவன் இம்ரான் ஒரு பட்டியல் போட்டிருந்தான்: அச்சுப் பிரதி வேண்டுபவர்கள் இன்று இரவுக்குள் பெயர் எழுதவும். மதுமிதா தன் பெயருக்கு நேராக "வேண்டாம்" என்று எழுதினாள். பிறகு படத்தைத் தன் போனில் சேமித்து, அந்த ஆப்பைத் திறந்தாள்.

அந்த ஆப் அவளிடம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும். முதலில் ஒரு பருவை மறைக்கத்தான். பரு மறைந்ததும் மூக்கு கண்ணில் பட்டது. மூக்கைக் கொஞ்சம் ஒடுக்கியதும் கன்னம் அகலமாகத் தெரிந்தது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று குறையாகத் தெரியும்படி அந்தக் கோடுகள் அமைந்திருந்தன: மூக்கு, தாடை, கண் அளவு, தோல் மென்மை, நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, அதன் மேல் ஒரு புள்ளி. புள்ளியை இந்தப் பக்கம் தள்ளினால் மெலியும், அந்தப் பக்கம் தள்ளினால் பெருக்கும். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தள்ளுவது சலிப்பாக இருந்ததால் எல்லா அளவையும் சேர்த்து ஒரே பொத்தானாகச் சேமித்து வைத்திருந்தாள். அதற்குப் பெயர் கேட்டது. "நான்" என்று போட்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அடுத்தவர் போனில் அவள் படம் எடுத்துக்கொள்வதில்லை. யாராவது போனை நீட்டினால், "குடு, நானே எடுக்கிறேன்" என்று வாங்கிக்கொள்வாள். ஓரத்தில் நிற்பாள், அல்லது முடி சரிசெய்கிற மாதிரி கையை முகத்துக்குக் கொண்டுபோவாள். வீடியோ அழைப்பு வந்தால் எடுக்காமல் விட்டு, குரல் அழைப்பில் திரும்பக் கூப்பிடுவாள். இவ்வளவும் எவ்வளவு வேலை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு பதினைந்து வயதுப் பெண் நாள் முழுவதும் செய்கிற வேலை அது.

வகுப்புப் படத்துக்கு மட்டும் தப்பிக்க வழி இருக்கவில்லை. படம் எடுப்பவர் மைதானத்தின் அந்தக் கோடியில் முக்காலி போட்டு நின்றார்.

படத்தை ஆப்பில் ஏற்றினாள். முகங்கள் மேல் சின்னச் சின்னக் கட்டங்கள் விழுந்தன. "42 முகங்கள் கண்டறியப்பட்டன" என்றது. தன் கட்டத்தை மட்டும் தொட்டுத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். பழக்கத்தில் விரல் நேராக "நான்" பொத்தானுக்குப் போய்விட்டது.

திரையில் ஒரு வட்டம் சுற்றி நின்றது.

முதலில் ஆங்கில மிஸ்தான் கண்ணில் பட்டார். நடுவில் உட்கார்ந்திருந்த அவருடைய முகம் மொழுமொழுவென்று ஆகியிருந்தது. சிரிக்கும்போது கண்ணோரத்தில் விசிறி மாதிரி விரிகிற சுருக்கங்கள் ஒன்றுகூட இல்லை. மிஸ் கோபமாக இருக்கிறாரா, கோபப்படுகிற மாதிரி நடிக்கிறாரா என்பதை அந்தச் சுருக்கங்களை வைத்துத்தான் வகுப்பே கண்டுபிடிக்கும். இந்த முகத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

இம்ரானின் புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த வெட்டு இல்லை. ஆர்த்தியின் நிறம் வெளுத்து, அவள் கழுத்தும் முகமும் வேறு வேறு ஆட்களுடையவை மாதிரி இருந்தன. விவாத மேடையில் ஏறினால் எதிரணியைத் திணறடிக்கிற ஆர்த்தி. யாரோ அவள் நிறத்தைப் பற்றி எதையோ சொன்னபோது, "அது என் நிறம், உனக்கென்ன வேலை?" என்று நேராகக் கேட்டவள். அவளிடம் கேட்காமல் அவளை வெளுக்கவைத்தாயிற்று.

எல்லோருக்கும் ஒரே மூக்கு. பையன்களுக்கும், தலைமை ஆசிரியருக்கும்கூட. மதுமிதா தனக்காகத் தேர்ந்தெடுத்த மூக்கு 42 முகங்களில் உட்கார்ந்திருந்தது.

செல்வியைப் பார்க்கக் கொஞ்சம் தயக்கமாக இருந்தது. பார்த்தாள். செல்வியின் கன்னத்துத் தழும்பு போயிருந்தது.

இரண்டாம் வகுப்பில் இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. ஒருத்தியிடமிருந்துதான் இன்னொருத்திக்கு வந்திருக்க வேண்டும். யாரிடமிருந்து யாருக்கு என்று இன்றைக்கும் சண்டை உண்டு. சொறியாதே சொறியாதே என்று எத்தனை சொல்லியும் கேட்காமல் செல்வி கன்னத்தில் சொறிந்துகொண்டாள், மதுமிதா நெற்றியில். திரும்பப் பள்ளிக்கு வந்த நாளில் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு பேரும் தழும்பை அளந்து பார்த்தார்கள். செல்வியுடையது பெரியது. அதில் செல்விக்கு ஒரு பெருமை.

அந்தத் தழும்பு இல்லாத செல்வி அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அது செல்வி இல்லை. மதுமிதாவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. இதை எப்படி எடுக்கலாம் என்று நினைத்தாள். நினைத்த வேகத்திலேயே, தன் நெற்றியிலிருந்து அதே தழும்பை ஒரு வருடமாக எடுத்துக்கொண்டிருப்பது யார் என்பதும் நினைவுக்கு வந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க ஆப்பில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திப் பிடித்தால் பழைய படம், விட்டால் புதியது. இதுநாள்வரை தன் முகத்தில் எவ்வளவு தேறியிருக்கிறது என்று பார்க்கத்தான் அதைத் தொட்டிருக்கிறாள். இப்போது அழுத்திப் பிடித்தாள். மிஸ் திரும்பி வந்தார். ஆர்த்தி வந்தாள், இம்ரான் வந்தான். செல்விக்குப் பக்கத்தில் பல் தெரியச் சிரிக்கிற அந்தப் பெண்ணும் வந்தாள். விரலை எடுத்தால் 42 பேரும் போய்விடுவார்கள். கட்டைவிரல் வலிக்கிறவரை எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு சந்தேகம் வந்தது. கேலரியைத் திறந்து பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனாள். பிறந்தநாள், சுற்றுலா, விளையாட்டு விழா. எல்லாவற்றிலும் அந்த ஒடுங்கிய மூக்கு, வழுவழுப்பான நெற்றி. திருத்திய படத்தை வைத்துக்கொண்டு அசலை அவளே அழித்திருந்தாள், குப்பைக் கூடையிலிருந்தும். பல் கட்டிய கம்பியைக் கழற்றிய நாளின் படம்கூடத் திருத்தியதுதான். பதினான்கு வயதிலிருந்து இன்றுவரை அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு இந்த ஒரு வகுப்புப் படம் மட்டும்தான் மிச்சம்.

அக்கா உள்ளே வந்தபோது அவள் அழுதுகொண்டிருந்தாள். அக்கா விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறாள், கேமரா என்றால் உயிர். என்னவென்று கேட்காமல் போனை வாங்கிப் படத்தைப் பார்த்தாள்.

"நல்லா விழுந்திருக்கியே. எதுக்குடி அழறே?"

"என் மூக்கு..."

"மூக்குக்கு என்ன? இதுல இருக்கிறதுதான் உன் மூக்கு. செல்ஃபில இருக்கிறது இல்ல." அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "கையை நீட்டி எடுக்கிறப்போ லென்ஸுக்கு ரொம்பக் கிட்ட இருக்கிறது மூக்குதானே. கிட்ட இருக்கிறது பெருசாத்தான் விழும். 2018ல அமெரிக்காவுல டாக்டருங்க கணக்குப் போட்டே காட்டினாங்க. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்னு எடுக்கிறதைவிட, முப்பது சென்டிமீட்டர் தூரத்துல எடுத்தா மூக்கோட அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாத் தெரியுமாம். செல்ஃபியைக் கொண்டுபோய்க் காட்டி மூக்கை ஆபரேஷன் பண்ணச் சொல்றவங்களுக்காகப் போட்ட கணக்கு அது."

மதுமிதா எதுவும் பேசவில்லை. இல்லாத அகலத்தைத்தான் இவ்வளவு நாள் குறைத்துக்கொண்டிருந்தாளா?

"ஆனா இது நான் மாதிரியே இல்லக்கா."

"நீ உன்னைப் பார்க்கிறது கண்ணாடில. அதுல இடம் வலம் மாறி இருக்கும். யாரு முகமும் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்காது, அதனால திருப்பிப் பார்த்தா உனக்கு மட்டும் கோணலாத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. நாங்க பார்க்கிறது எப்பவும் இந்தப் பக்கத்தைத்தான்." அக்கா படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். "எதுக்கு இப்படிச் சிரிக்கிறே இதுல?"

மதுமிதா யோசித்தாள். படம் எடுக்கிறவர் மூன்று எண்ணப் போகிற நேரத்தில் பின்னால் பெஞ்சு கிறீச்சென்றது. "யாராவது விழுந்தாலும் அடுத்த பாடத்தை நிறுத்த மாட்டேன்" என்றார் மிஸ், திரும்பிப் பார்க்காமலேயே. செல்வி அவள் விலாவில் இடித்தாள். அந்தக் கணத்தில் பல்லையும் கன்னத்தையும் பற்றிய நினைப்பே இல்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா போன பிறகு போன் திரையில் அந்த ஆப்பின் சின்னத்தை அழுத்திப் பிடித்தாள். "நீக்கவா? சேமித்த அமைப்புகளும் அழிந்துவிடும்" என்று கேட்டது. "நான்" என்ற அந்தப் பொத்தானும் அதில் போய்விடும். பயம் இல்லாமல் இல்லை. நாளைக்கு முகப்புப் படத்தை என்ன செய்வது, பழைய படங்களையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்து யாராவது ஏதாவது சொன்னால் என்ன சொல்வது என்றெல்லாம் ஓடியது. நீக்கினாள்.

உடனே செல்வியைக் கூப்பிட்டாள். இந்த முறை வீடியோவில். செல்வி தலையில் துண்டோடு வந்தாள்.

"என்னடி அதிசயம், மூஞ்சியோட வந்திருக்கே?"

"அந்த ஆப்பை எடுத்துட்டேன்."

செல்விக்கு எந்த ஆப் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள்.

"நல்லது. சொல்லணும்னு பலமுறை நினைச்சிருக்கேன், நீ கோவிச்சுப்பியோன்னு விட்டுட்டேன். தினமும் உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். சாயங்காலம் நீ போடுற படத்தைப் பார்த்தா ஒரு மாதிரி இருக்கும். நாள் பூரா நான் பேசிட்டிருந்தவளை உனக்குப் பிடிக்கலையோன்னு."

மதுமிதாவுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. "தழும்பு உனக்குத்தான் பெருசு" என்றாள்.

"பின்னே? என்கிட்ட இருந்து உனக்கு வந்ததுதானே, சின்னதாத்தான் இருக்கும்."

"உன்கிட்ட இருந்து ஒண்ணும் வரல. என்கிட்ட இருந்துதான் உனக்கு."

"ஆரம்பிச்சுட்டியா? சரி, படம் வேண்டாம்னு எழுதியிருக்கியே, இம்ரான் பட்டியலை அனுப்பப் போறான்."

"இரு, இரு" என்று மதுமிதா அழைப்பைத் துண்டிக்காமலேயே குழுவுக்குப் போனாள். "வேண்டாம்" என்பதை அழித்துவிட்டு 1 என்று போட்டாள். கதவுக்கு வெளியிலிருந்து அக்கா, "எனக்கும் ஒண்ணு சொல்லுடி" என்று கத்தினாள். அதை 2 ஆக்கினாள்.